ஒரே மதிப்புக்கு ஒரே மறையுரை: சங்கத் தரவுத்தளத்தில் ஈசிபி முறை

கணக்கேடு_சுங்கைசிப்புட்

அனைவருக்கும் வணக்கம். தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் உறுப்பினர்களாக இருக்கும் ஒரு சிறிய கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். உறுப்பினர் பதிவேடு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதில் வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரி, கடன் நிலை ஆகிய மூன்று பத்திகள் மறையாக்கம் செய்யப்பட்டவை.

தணிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய நகல் கோப்பைத் திறந்து பார்த்தபோது, கடன் நிலைப் பத்தி முழுவதும் இரண்டே இரண்டு எழுத்துக்கோவைகள் மாறி மாறி வருவதைக் கவனித்தேன். முகவரிப் பத்தியில் ஏராளமான பதிவுகள் ஒரே மாதிரித் தொடங்கிப் பிறகுதான் வேறுபடுகின்றன. மென்பொருளைச் செய்து கொடுத்தவரிடம் கேட்டதற்கு, இது ஏஇஎஸ் என்ற மறையாக்க முறை என்றும், சாவி இல்லாமல் எவராலும் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியாது என்றும், திரும்பத் திரும்ப வருவது இயல்பு என்றும் சொன்னார். இந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ளலாமா?

பால்மரம்

ஐயா, நகல் கோப்பை அனுப்புவதுதான் கவலை என்றால், அதைச் சுருக்கிக் கடவுச்சொல் போட்டு அனுப்பி, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அப்படித்தான் செய்கிறோம்.

இரும்புப்பாலம்

பால்மரம் சொல்வது கோப்பு வழியில் களவு போவதற்கான பாதுகாப்பு. கணக்கேடு கேட்பது, கோப்பைச் சட்டப்படியே கையில் வைத்திருப்பவர் சாவி இல்லாமல் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பது. இரண்டும் வேறு.

முதலில் தரவுத்தளத்தில் இந்த ஒரு வரியைக் கொடுத்துப் பாருங்கள்:

```sql
SELECT @@block_encryption_mode;
```

`aes-128-ecb` என்று வந்தால் வியப்படைய வேண்டாம். மைஎஸ்கியூஎல்லின் `AES_ENCRYPT` செயல்பாடு, எவரும் மாற்றாத வரைக்கும், அந்த முறையில்தான் இயங்குகிறது.

ஏஇஎஸ் ஒரு தடவைக்குச் சரியாக 16 பைட்டுகளை எடுத்துக்கொண்டு 16 பைட்டுகளைத் திருப்பித் தருகிறது. அதற்கு மேல் நீளமான செய்தியை எப்படி நறுக்குவது, நறுக்கிய துண்டுகளை ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடுத்துவது என்பதை ஏஇஎஸ் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது இயக்கமுறை. ஈசிபி முறையில் அந்தத் தொடர்பே கிடையாது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக அதே சாவியால் மறைக்கப்படுகிறது. ஆகவே ஒரே 16 பைட்டு எங்கே வந்தாலும், எந்த உறுப்பினரின் பதிவில் வந்தாலும், மறைத்த பின் கிடைக்கும் உரை, அதாவது மறையுரை, ஒன்றாகத்தான் இருக்கும். சாவியை 256 பிட்டாக நீட்டினாலும் இது மாறாது.

உங்கள் கடன் நிலைப் பத்தியில் என்ன சொற்கள் பதிவாகின்றன? முகவரிகள் பெரும்பாலும் எப்படித் தொடங்குகின்றன? அவற்றை எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.

கணக்கேடு_சுங்கைசிப்புட்

நீங்கள் சொன்னபடியே `aes-128-ecb` என்று திரையில் வருகிறது. கடன் நிலையில் ஒழுங்காகத் தவணை கட்டுபவர்களுக்கு `LANCAR` என்றும், நிலுவை வைத்திருப்பவர்களுக்கு `TUNGGAK` என்றும் பதிகிறோம். லயத்து வீடுகளில் இன்னும் குடியிருப்பவர்களின் முகவரிகள் எல்லாம் `RUMAH PEKERJA LADANG` என்று தொடங்கும். மற்றவர்கள் தாமான்களிலும் கம்போங்களிலும் இருக்கிறார்கள்.

இரும்புப்பாலம்

நன்றி, இப்போது முழுப் படமும் கிடைத்துவிட்டது.

`RUMAH PEKERJA LADANG` என்பதை இடைவெளிகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். முதல் 16 எழுத்துகள் `RUMAH PEKERJA LA` என்று முடிகின்றன. அந்த முதல் துண்டு எல்லா லயத்துக் குடும்பங்களுக்கும் ஒன்றே, ஆகவே அதன் மறையுரையும் ஒன்றே. பெயரும் உறுப்பினர் எண்ணும் மறைக்கப்படாமல் பக்கத்திலேயே இருப்பதால், யார் தோட்ட வீட்டில் இருக்கிறார், யார் வெளியேறிச் சொந்த வீடு வாங்கினார் என்பதை நகலை வைத்திருக்கும் எவரும் பட்டியல் போடலாம்.

கடன் நிலை இன்னும் மோசம். நகலைப் பார்ப்பவர் தாமே ஓர் உறுப்பினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம் தவணை ஒழுங்காகப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். தம் பதிவில் இருக்கும் கோவை எதுவோ அதுவே `LANCAR`, மற்றது `TUNGGAK`. அந்த ஒரு பார்வையில் ஊரில் யாருக்கெல்லாம் நிலுவை இருக்கிறது என்பது முழுவதும் வெளியாகிவிடுகிறது, சாவியின் ஒரு பிட்டைக்கூட அவர் தொடவில்லை.

இது கற்பனைக் கவலை அன்று. 2013-ல் அடோபி நிறுவனத்திலிருந்து களவுபோன கணக்குப் பட்டியலில் கடவுச்சொற்கள் மும்மடங்கு டெஸ் கொண்டு ஈசிபி முறையில் மறைக்கப்பட்டிருந்தன. ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே மறையுரை. ஒவ்வொருவரும் எழுதி வைத்த நினைவுக்குறிப்பு மறைக்கப்படாமல் அருகில் இருந்தது. ஒரே மறையுரைக்கு நூறு பேர் எழுதிய குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் கடவுச்சொல் தானே விளங்கிவிடும். சாவி வெளியாகாமலேயே ஆராய்ச்சியாளர்கள் மிகப் பரவலான கடவுச்சொற்களைக் கண்டுபிடித்தது அப்படித்தான்.

எந்தப் பத்தியிலும் இந்தக் கசிவு உண்டா என்று பார்க்கச் சாவி தேவையில்லை:

```sql
SELECT HEX(status_pinjaman), COUNT(*)
FROM ahli
GROUP BY status_pinjaman
HAVING COUNT(*) > 1;
```

சரியாக மறைக்கப்பட்ட பத்தியில் இந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட விடையாக வரக் கூடாது. முகவரிப் பத்திக்கு `LEFT(alamat, 16)` என்று முதல் துண்டை மட்டும் எடுத்து எண்ணிப் பாருங்கள்.

மின்பொறி_ஈப்போ

இதற்கு இவ்வளவு நீண்ட விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். `block_encryption_mode` என்பதை `aes-256-cbc` என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது. சிபிசி முறையில் ஒவ்வொரு துண்டும் முந்தைய மறையுரையோடு எக்ஸார் செய்யப்பட்டு, அதாவது பிட்டுக்குப் பிட்டு கலக்கப்பட்டு, அதன் பிறகே மறைக்கப்படுகிறது. ஆகவே ஒரே மாதிரிக் கோவைகள் மறைந்துவிடும். நான் மூன்று வாடிக்கையாளர்களுக்கு அப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறேன், எந்தப் புகாரும் வரவில்லை.

இரும்புப்பாலம்

கோவைகள் மறையும் என்பது சரி, ஒரு நிபந்தனையோடு. முதல் துண்டுக்கு முன்னால் எக்ஸார் செய்ய எந்த மறையுரையும் இல்லாததால் 16 பைட்டுத் தொடக்க மதிப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அது ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாக, எவரும் முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி உருவாக்கப்பட்டு, மறையுரையோடு சேர்த்துச் சேமிக்கப்பட வேண்டும். நிரலில் ஒரே தொடக்க மதிப்பை எழுதிவைத்து எல்லாப் பதிவுக்கும் பயன்படுத்தினால், ஒரே துண்டில் அடங்கும் `LANCAR` மறுபடியும் எல்லா இடத்திலும் ஒரே கோவையாகத்தான் வரும். மேலே சொன்ன எண்ணிக்கைக் கேள்வியை உங்கள் வாடிக்கையாளர்களின் பத்திகளிலும் ஓட்டிப் பார்க்கலாம், தம்பி.

ஆனால் சங்கத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இன்னும் பேசப்படவில்லை. படிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்; மாற்றுவதைப் பற்றிப் பேசவில்லை. தரவுத்தளத்தில் எழுதும் உரிமை உடைய ஒருவர், சாவி இல்லாதவர், தம் பதிவில் உள்ள வங்கிக் கணக்கு மறையுரையை அப்படியே எடுத்து வேறோர் உறுப்பினரின் பதிவில் ஒட்டுகிறார் என்று வையுங்கள். மென்பொருள் அதை ஒழுங்காக அவிழ்க்கும். செல்லத்தக்க ஒரு கணக்கு எண் கிடைக்கும். அந்த உறுப்பினருக்குச் சேர வேண்டிய ஈவுத்தொகை இவர் கணக்குக்குப் போகும். ஈசிபி, சிபிசி இரண்டிலும் இது நடக்கும், சிபிசியில் தொடக்க மதிப்பையும் சேர்த்து ஒட்டினால் போதும். மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதாலேயே ஒரு மதிப்பு மாற்றப்படாதது என்று நினைப்பதுதான் இங்கே இருக்கும் ஆழமான தவறு.

எடைமேடை_செம்பனை

நான் கேட்பது சற்று வேறு விஷயம், மன்னிக்கவும். நாங்கள் செம்பனை ஆலையின் எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறோம். லாரி ஏறியதும் எடைக் கருவி ஒரு செய்தியை மறையாக்கம் செய்து அலுவலகக் கணினிக்கு அனுப்புகிறது. கருவியின் கையேட்டில் 128 பிட்டு ஏஇஎஸ், சிபிசி முறை, தொடக்க மதிப்பு ஒவ்வொரு தடவையும் புதியது என்று இருக்கிறது. செய்தி இப்படித் தொடங்கும்: `BERAT=07250KG;`. இதிலும் மாற்ற முடியுமா? ஒட்டுவதற்கு இங்கே வேறு பதிவு எதுவும் இல்லையே.

இரும்புப்பாலம்

வேறு விஷயம் இல்லை அண்ணே, இதே விஷயம்தான், உங்களுடையது இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. சிபிசியில் முதல் துண்டு அவிழ்வது இப்படி, P1 மூல உரை, C1 மறையுரை, K சாவி, D அவிழ்த்தல், IV தொடக்க மதிப்பு:

```
P1 = D(K, C1) XOR IV
```

தொடக்க மதிப்பு செய்தியின் முன்னால் வெளிப்படையாகப் போகிறது. அதில் ஒரு பைட்டை மாற்றினால், அவிழ்த்த உரையில் அதே இடத்துப் பைட்டு அதே அளவுக்கு மாறும், வேறெதுவும் கலையாது. `BERAT=` ஆறு எழுத்து, பிறகு `0`, அதற்குப் பிறகு எட்டாவது இடத்தில் `7`. அந்த `7` என்ற எழுத்தின் பதினறுமக் குறியீடு 37, `9` என்பதன் குறியீடு 39. இரண்டையும் எக்ஸார் செய்தால் 0E. வழியில் கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பவர் தொடக்க மதிப்பின் எட்டாவது பைட்டை 0E-யோடு எக்ஸார் செய்து அனுப்பினால், அலுவலகத் திரையில் `BERAT=09250KG;` என்று தெரியும். 7 டன் 250 கிலோ, 9 டன் 250 கிலோவாகிவிட்டது. அவர் சாவியை அறியமாட்டார். பழைய எடையை மட்டும் அறிந்திருந்தால் போதும், அதை எடைமேடையின் திரையிலேயே பார்க்கலாம்.

முதல் துண்டுக்குப் பின்னால் உள்ளவற்றை மாற்ற முயன்றால், முந்தைய துண்டு குப்பையாகிவிடும் என்பதால் சில சமயம் தெரிந்துபோகும். அதை நம்பியிருக்க முடியாது.

மின்பொறி_ஈப்போ

எடையோடு ஒரு சிஆர்சி சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து, இரண்டையும் ஒன்றாக மறையாக்கம் செய்துவிட்டால் மாற்றம் தெரிந்துவிடுமே. கருவிகளில் அந்த வசதி ஏற்கெனவே இருக்கும்.

தேவி_கணிதம்

நான் படிவம் ஆறு மாணவர்களுக்குக் கணிதம் கற்பிப்பவள். மறையியல் என் தொழில் இல்லை, ஆனால் இதற்கு விடை கணிதத்திலேயே இருக்கிறது. சிஆர்சி எக்ஸாரைப் பொறுத்தவரை நேரியல்பு உடையது. உரையில் எந்த பிட்டுகளைப் புரட்டினால் சிஆர்சியில் எந்த பிட்டுகள் புரளும் என்பதை, உரை என்னவென்றே தெரியாமல், முன்கூட்டிக் கணக்கிட்டுவிடலாம். எடையும் சிஆர்சியும் அந்த முதல் துண்டிலேயே அடங்கினால், இரண்டையும் சேர்த்துத் தொடக்க மதிப்பில் புரட்டிவிடலாம். தற்செயலான கம்பிக் கோளாறைப் பிடிப்பதற்கு சிஆர்சி போதும். வேண்டுமென்றே மாற்றுபவரைப் பிடிக்கச் சாவி கலந்த சரிபார்ப்பு வேண்டும்.

இரும்புப்பாலம்

டீச்சர் சொன்னது முற்றிலும் சரி.

எடைமேடை அண்ணனுக்கு: கருவியின் சிபிசியை மாற்ற முடியாது என்றால், வேறொரு சாவியைக் கொண்டு எச்மேக் என்ற சாவி கலந்த சரிபார்ப்பைக் கணக்கிட்டுச் செய்தியின் இறுதியில் சேர்க்கச் சொல்லுங்கள். அது மறையுரையின் மேல் மட்டுமல்லாமல் தொடக்க மதிப்பின் மேலும் கணக்கிடப்பட வேண்டும். அதை விட்டுவிட்டால் மேலே சொன்ன 0E வேலை அப்படியே நடக்கும். அலுவலகக் கணினி எச்மேக்கைச் சரிபார்த்த பிறகே அவிழ்க்கத் தொடங்க வேண்டும். செய்திக்குள் ரசீது எண்ணும் இருக்க வேண்டும், வந்த எண்ணே மறுபடி வந்தால் மறுக்க வேண்டும். நேற்றைய உண்மையான செய்தியை இன்று அப்படியே மறுபடி அனுப்பினால் எச்மேக் அதைத் தவறென்று சொல்லாது.

சங்கத்துக்கு, மறைப்பதோடு மாற்றத்தையும் கண்டுபிடிக்கும் ஜிசிஎம் முறையைப் பரிந்துரைக்கிறேன். மைஎஸ்கியூஎல்லின் `AES_ENCRYPT` அதைத் தருவதில்லை, ஆகவே பிஎச்பி நிரலிலேயே செய்ய வேண்டும்:

```php
$nonce = random_bytes(12);
$aad = "ahli|akaun_bank|" . $no_ahli;
$ct = openssl_encrypt($akaun, 'aes-256-gcm', $key,
      OPENSSL_RAW_DATA, $nonce, $tag, $aad);
$simpan = $nonce . $tag . $ct;
```

இங்கே 12 பைட்டு நான்ஸ், அதாவது ஒரே ஒரு தடவை மட்டும் பயன்படும் எண், ஒவ்வொரு முறை எழுதும்போதும் புதிதாகப் பிறக்கிறது, எனவே ஒரே `LANCAR` இருமுறை ஒரே மாதிரி வராது. `$tag` என்பது 16 பைட்டு முத்திரை. மறையுரையில் ஒரு பிட்டு மாறினாலும் `openssl_decrypt` எதையும் அவிழ்க்காமல் `false` என்று திருப்பிவிடும். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: `$aad` மறைக்கப்படுவதில்லை, சேமிக்கப்படுவதும் இல்லை, ஆனால் முத்திரை அதன்மேலும் கணக்கிடப்படுகிறது. உறுப்பினர் எண் அதில் இருப்பதால், ஒருவரின் மறையுரையை இன்னொருவரின் பதிவில் ஒட்டினால், அவிழ்க்கும்போது எண் வேறாக இருக்கும், முத்திரை பொருந்தாது.

ஒரு கவனம்: பிஎச்பி முத்திரையின் நீளத்தைத் தானாகச் சோதிப்பதில்லை. வெட்டிச் சுருக்கிய முத்திரையை ஏற்றுக்கொள்ளாமல் இருக்க, சேமித்த மதிப்பு 28 பைட்டுக்குக் குறைந்தால் மறுத்துவிடுங்கள்.

மின்பொறி_ஈப்போ

ஏற்கிறேன். ஆனால் பதிவுக்கு 28 பைட்டு கூடுதல் என்பது வீண். நான்ஸ் தனித்தன்மையோடு இருந்தால் போதும் என்பதுதானே விதி? உறுப்பினர் எண்ணையே நான்ஸாக வைத்தால் சேமிக்கவே வேண்டாம்.

இரும்புப்பாலம்

ஒருவர் தம் வங்கிக் கணக்கை மாற்றும் நாளில் அந்த விதி உடைந்துவிடும். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே சாவி, ஒரே நான்ஸின் கீழ் மறைக்கப்படும். ஒரே உறுப்பினரின் மூன்று பத்திகளும்கூட அப்படியே. ஜிசிஎம் உள்ளே ஓர் எண்ணிக்கையை மறைத்துக் கிடைக்கும் பிட்டுத் தொடரை உரையோடு எக்ஸார் செய்கிறது. நான்ஸ் ஒன்றானால் தொடரும் ஒன்று; இரண்டு மறையுரைகளை எக்ஸார் செய்தால் தொடர் கழிந்துபோய் இரண்டு மூல உரைகளின் எக்ஸார் கையில் கிடைக்கும். பழைய நகலும் புதிய நகலும் தணிக்கையாளரிடம் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

தேவி_கணிதம்

அந்த முத்திரைக்கு என்ன ஆகும் என்று நானும் தேடிப் படித்தேன். முத்திரை என்பது ஓர் இரகசிய மதிப்பில் எழுதப்பட்ட பல்லுறுப்புக்கோவையின் விளைவு, அதன்மேல் நான்ஸிலிருந்து வரும் ஒரு முகமூடி. நான்ஸ் ஒன்றானால் இரண்டு முத்திரைகளின் எக்ஸாரில் முகமூடி கழிந்துவிடுகிறது. மிஞ்சுவது அந்த இரகசிய மதிப்பை மூலமாகக் கொண்ட சமன்பாடு. உறுப்பினர் பதிவு போன்ற சிறிய செய்திகளுக்கு அதன் படி மிகக் குறைவு, ஆகவே மூலங்களும் ஒருசிலவே. அதைக் கண்டுபிடித்தவர் அந்தச் சாவியின் கீழ் போலி முத்திரைகள் செய்யலாம். அன்டுவான் ஜூ இதை 2006-லேயே சுட்டிக்காட்டினார். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் ஜிசிஎம்மைத் தரமாக வெளியிட்டது 2007-ல். சீரற்ற நான்ஸ் என்றால் ஒரே சாவியால் 2^32 தடவைக்கு மேல் மறையாக்கம் செய்யக் கூடாது என்றும் அந்த ஆவணம் சொல்கிறது. ஒரு சங்கம் அந்த எல்லையை எட்டப்போவதில்லை.

கணக்கேடு_சுங்கைசிப்புட்

அனைவருக்கும் நன்றி. உறவினர் ஒருவரின் உதவியோடு, சோதனைக்கென ஒரு நகலில் மூன்று பத்திகளையும் ஜிசிஎம் முறைக்கு மாற்றிப் பார்த்தோம். எண்ணிக்கைக் கேள்வி இப்போது வெறுமையாகத் திரும்புகிறது. வங்கிக் கணக்கை வேறு பதிவில் ஒட்டினால் மென்பொருள் மறுக்கிறது. ஆனால் கடன் நிலைப் பத்தியில் சில மதிப்புகள் 34 பைட்டு, மற்றவை 35 பைட்டு. `LANCAR` ஆறு எழுத்து, `TUNGGAK` ஏழு. மறுபடியும் யாருக்கு நிலுவை என்று தெரிந்துவிடுகிறதே?

இரும்புப்பாலம்

மிக நன்றாகக் கவனித்தீர்கள். ஜிசிஎம் உரையின் நீளத்தை மறைப்பதில்லை. ஈசிபியில் இரண்டும் 16 பைட்டாக நிரப்பப்பட்டதால் இந்த ஒரு கசிவு மட்டும் இல்லாமல் இருந்தது. மறைக்கும் முன்பே எல்லா மதிப்பையும் ஒரே நீளத்துக்கு, 16 பைட்டு என்று வைத்துக்கொள்ளலாம், இடைவெளியால் நிரப்பிவிடுங்கள். அவிழ்த்த பிறகு `rtrim` செய்யுங்கள். முகவரிக்கு 128 பைட்டு போன்ற ஓர் உச்ச நீளம் வைக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. நிலுவையில் விழுந்த ஒருவர், தம் பதிவின் சென்ற மாத மறையுரையை, `LANCAR` என்று இருந்த காலத்ததை, பழைய நகலிலிருந்து எடுத்து அதே இடத்தில் திரும்ப வைத்தால் முத்திரை பொருந்திவிடும். உறுப்பினர் எண் அதுவே, பத்தி அதுவே. `$aad`-ல் ஒரு பதிப்பு எண்ணைச் சேர்க்கலாம். ஆனால் அந்தப் பதிப்பு எண்ணை எங்கே வைப்பது? அதே தரவுத்தளத்தில் வைத்தால் அதையும் சேர்த்துப் பின்னுக்குத் தள்ளிவிடலாம்.

மின்பொறி_ஈப்போ

பதிப்பு எண்களை வேறொரு கணினியில், சேர்க்க மட்டும் முடிகிற, அழிக்க முடியாத பதிவேட்டில் வைக்கலாம்.

தேவி_கணிதம்

அந்தக் கணினி நிற்கும் நாளில் சங்கத்தில் யாருக்கும் பணம் கொடுக்க முடியாதே. மாதக் கடைசியில் எல்லாப் பதிவுகளின் பதிப்பு எண்களையும் ஒரே சுருக்கமாகக் கணக்கிட்டுக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, செயலாளர் கையொப்பமிட்டால், குறைந்தது மாதத்துக்கு ஒரு தடவையாவது பிடித்துவிடலாம்.

இரும்புப்பாலம்

மாதத்துக்கு ஒரு தடவை என்றால் இடையில் ஒரு கடன் ஒப்புதலாகிவிடும். இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். கணக்கேடு ஐயா, அந்தச் சாவி இப்போது எங்கே இருக்கிறது? தரவுத்தள நகலோடு சேர்ந்து போகும் அமைவுக் கோப்பிலா?

கணக்கேடு_சுங்கைசிப்புட்

ஆமாம், அதே கோப்புறையில்தான் இருக்கிறது. தணிக்கையாளருக்குப் போகும் நகலிலிருந்து அதை இன்றே நீக்கிவிடுகிறேன். முன்பு அனுப்பிய நகல்களில் அது போயிருப்பதால், புதிய சாவியில் எல்லாவற்றையும் மறுபடி மறையாக்கம் செய்ய வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

இரும்புப்பாலம்

செய்ய வேண்டும். ஆனால் அது இனி மாறும் மதிப்புகளைத்தான் காக்கும். வங்கிக் கணக்கு எண்கள் பெரும்பாலும் மாறுவதில்லை, அவை பழைய நகல்களில் பழைய சாவியோடு இருக்கின்றன. ஆகவே அந்த நகல்களைத் திரும்பப் பெற்று அழிக்க ஏற்பாடு செய்யுங்கள்.